மஞ்சள் நீக்கிய வரி

எங்கள் கம்பெனியில் அவளுக்குக் கத்தரிக்கோல் என்று பெயர். வைத்தவன் நான்தான். கண் எரிய எரிய உட்கார்ந்து நான் செய்த கம்பெனி அறிமுக ஸ்லைடுகள் முப்பத்தெட்டையும் ஒரே மத்தியானத்தில் மூன்று வரியாக்கி என் முன்னால் வைத்தாள். அப்படிப்பட்டவளுக்குப் பெயர் வைக்காமல் என்ன செய்வது?

எங்களுடையது சின்னக் கம்பெனி. பிரஸ் மிஷின்களுக்கு ஒளித்திரை செய்தோம். தகட்டை வைத்தால் மேலிருந்து ஓர் இரும்புப் பாளம் இறங்கி அடித்து வடிவம் கொடுக்குமே, அந்தப் பிரஸ். அதன் வாய்க்கு முன்னால் இரண்டு பக்கமும் இரண்டு கம்பங்கள். ஒரு கம்பத்திலிருந்து மற்றதற்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்கள் வரிசையாக ஓடும். ஆள் கையை உள்ளே நீட்டினால் கதிர் மறையும், மிஷின் நிற்கும். அவ்வளவுதான் எங்கள் சரக்கு. கீழே தகரக் கூரைக்கு அடியில் பொருத்தும் மேசைகளும் ஒரு சோதனை அறையும். மேலே மூன்று மேசைகள், முதலாளிக்கு ஒரு கண்ணாடி அறை. படம் வரைவது, விலைப்பட்டியல் அச்சிடுவது, ஸ்லைடு போடுவது எல்லாம் என் மேசை. முன்பின் தெரியாதவர்களுக்கு மெயில் எழுதி அவர்களைப் பேச வைப்பது அவள் மேசை.

"அண்ணா, இதுல நம்மளப் பத்தி நாமே சொல்லிக்கிறது எவ்வளவு, அடுத்தவங்க போன் போட்டு விசாரிச்சா நிக்கிறது எவ்வளவு?" என்று அன்றைக்குக் கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் நோக்கம், எங்கள் பார்வை, முதலாளி கைகட்டி நிற்கும் படம், உலகத்தில் எத்தனை பிரஸ் ஓடுகிறது என்ற வட்டப்படம், வாங்கியவர்களின் சின்னங்கள் ஒரு பக்கம் நிறைய, வாங்கிய கேடயம் ஒன்று. எல்லாவற்றையும் தட்டித் தட்டிக் கீழே தள்ளினாள். கேடயம் போட்ட ஸ்லைடு வந்தபோது மட்டும் கொஞ்சம் நிறுத்தி, "இது காசு கட்டினா எல்லாருக்கும் குடுக்கிறதுதானே?" என்றாள். ஆமாம் என்றேன். அதுவும் போயிற்று.

"யாருன்னே தெரியாத ஒருத்தருக்கு எழுதறோம். அவங்க நமக்குக் குடுக்கப்போறது ஒரு மூச்சு நேரம். அதுக்குள்ள மூணு விஷயம் சொல்லலாம். நாலாவது சொன்னா முதல் மூணும் செத்துப்போயிடும்" என்றாள்.

இவள் படித்து வந்த பெரிய படிப்பொன்றும் இல்லை. எங்களிடம் வருவதற்கு முன் ஒரு தண்ணீர் சுத்திகரிப்பு மிஷின் கம்பெனியில் போனில் விற்றாள். கொடுத்த தாளில் எழுதியிருந்ததைப் பார்த்து, எந்தத் தண்ணீரானாலும் நல்ல தண்ணீராகும் என்று ஒரு வீட்டுக்குச் சொல்லியிருக்கிறாள். அந்த வீட்டில் உப்புத் தண்ணீர். அந்த மிஷினுக்கு உப்பை எடுக்க வழியே கிடையாது. அந்த வீட்டம்மாள் மிஷினைக் கழற்றிப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்து இவள் மேசையில் வைத்து, "நீங்க சொன்னீங்கன்னுதான் வாங்கினேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாளாம். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன் என்பாள் கத்தரிக்கோல். அதிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம். மெயிலில் எழுதும் எந்தத் தகவலையும் முதலில் மஞ்சள் பூசி வைப்பாள். யாரோ ஒருவரிடம் நேரில் கேட்டு, நிற்கும் என்று தெரிந்த பிறகுதான் மஞ்சளை எடுப்பாள். மஞ்சள் ஒட்டிக்கொண்டிருக்கும் மெயில் எங்கள் அலுவலகத்தை விட்டு வெளியே போகாது. அது அவள் சட்டம். முதலாளியே அதைப் பற்றி வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்லுவார்.

அவளுடைய வீட்டுக்காரர் எங்கள் கம்பெனியிலேயே சோதனை அறையில் இருந்தார். பேச்சு குறைந்த மனிதர். ஒவ்வொரு திரையும் வெளியே போகுமுன் ஒரு கறுப்புக் குச்சியை மேல் கதிரிலிருந்து கீழ்க்கதிர் வரை மெதுவாக இறக்குவார். குச்சி எங்கே இருந்தாலும் கம்பத்து விளக்கு சிவப்பாகவே இருக்க வேண்டும். நடுவில் ஒரு தடவை பச்சை மின்னினாலும் திரை திரும்பிப் பொருத்தும் மேசைக்கு. அந்தக் குச்சியை அவர் அவசரப்பட்டு இறக்கி ஒருவரும் பார்த்ததில்லை. "உங்க வீட்டுக்காரர் குழந்தைக்குத் தலை வாரி விடற மாதிரி இறக்குறார்" என்று நான் கேலி செய்வேன். "குழந்தை இருந்தா அதுக்கும் அப்படித்தான் வாரியிருப்பார்" என்றாள் ஒரு நாள். அதற்குப் பிறகு அந்தக் கேலியை நான் செய்யவில்லை.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பெருமை. எங்கள் திரை போட்ட பிரஸ்ஸில் ஆறு வருஷமாக ஒருவருக்கும் விரல் போகவில்லை. பிரஸ் கடைகளைத் தெரிந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். அந்த உலகத்தில் டீ கிளாஸைப் பிடிக்கும் கையில் விரல் குறைந்திருந்தால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

அந்த வருஷம் எங்களுக்குப் போதாத காலம். பாதிக்கு மேல் திரை வாங்கிக்கொண்டிருந்த பெரிய பிரஸ் கம்பெனி, இனிமேல் நாங்களே செய்துகொள்கிறோம் என்று கையை விரித்துவிட்டது. வேறு ஒரு பெரிய இடம் சேராவிட்டால் வருஷக் கடைசியில் ஷட்டரை இறக்க வேண்டியதுதான் என்று முதலாளி எங்கள் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். சொல்லும்போது குரல் உடைந்தது. அவர் மோசமான ஆள் இல்லை, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கீழே பொருத்துகிறவர்கள் எல்லோரும் வயதானவர்கள். சோதனைக்காரருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. வெளியே போனால் எங்கே போவோம் என்று ஒருவருக்கும் தெரியாது.

வெளிநாட்டில் ஒரு கம்பெனி இருந்தது. பழைய பிரஸ்களை வாங்கிப் புதுப்பித்து விற்கிறவர்கள். அவர்கள் புதுப்பிக்கும் ஒவ்வொரு பிரஸ்ஸிலும் நம் திரை ஏறினால் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை. அந்தக் கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவுத் தலைவி ஒரு தொழில் பத்திரிகையில், பழைய பிரஸ்ஸுக்குப் பாதுகாப்பு பொருத்துவதில்தான் எங்களுக்கு அதிக நாள் போகிறது என்று புலம்பியிருந்தாராம். கத்தரிக்கோல் அதைத் தோண்டி எடுத்தாள்.

"அந்த அம்மாவுக்கு எழுதுவோம். விற்பனைப் பிரிவுக்கு எழுதினா குப்பைக்குப் போயிடும்" என்றாள்.

"ஸ்லைடு எல்லாத்தையும் சேர்த்து அனுப்பும்மா" என்றார் முதலாளி.

"வேணாம் சார். தெரியாத இடத்துலேர்ந்து வர்ற பெரிய கோப்பை யாரும் திறக்கமாட்டாங்க. கேட்டா அப்புறம் அனுப்பலாம்."

அவள் எழுதிய வரைவை நான் பார்த்தேன். நாலு பத்திதான். முதல் வரியில் எங்களைப் பற்றி ஒன்றுமே இல்லை. நீங்கள் பத்திரிகையில் சொன்ன தாமதத்தைப் பற்றி எழுதுகிறேன் என்று தொடங்கியது. பிறகு மூன்று தகவல்கள். நானூற்றுப் பன்னிரண்டு பிரஸ்களில், ஆறு வருஷத்தில், கைக்காயம் பூஜ்யம். பிரஸ்ஸின் உடம்பில் ஓட்டை போடாமல் அரை ஷிப்டில் பொருத்திவிடலாம். வெளியே உள்ள சோதனைக்கூடம் சான்று கொடுத்திருக்கிறது, இதோ சான்றின் எண். கடைசியில் ஒரே ஒரு கேள்வி: இருபது நிமிஷம் போனில் பேச முடியுமா? வேறு ஒன்றும் இல்லை. என் ஸ்லைடுகளுக்கு நேர்ந்த கதியை நினைத்து எரிச்சலாக இருந்தாலும், படித்தபோது இவளுக்கு நானே பதில் போட்டுவிடுவேன் போலிருந்தது. பூஜ்யம் என்ற சொல்லை மெயிலின் தலைப்பிலேயே வைத்திருந்தாள்.

மூன்று தகவலும் மஞ்சள். சான்றின் எண்ணைச் சோதனைக்கூடத்தில் கேட்டாள், மஞ்சள் போயிற்று. அரை ஷிப்ட் விஷயத்தை எங்கள் பொருத்தும் ஆட்களை விட்டுவிட்டு, வாங்கிய மூன்று பேரிடம் கேட்டாள். அதுவும் போயிற்று. பூஜ்யம் மட்டும் மிச்சம். அது ஸ்லைடில் முதலாளி சொல்லி நான் போட்டது. வாங்கியவர்கள் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். உங்கள் பெயரைச் சொல்லலாமா, யாராவது விசாரித்தால் பேசுவீர்களா, திரை போட்ட பிறகு கையில் அடி யாருக்காவது உண்டா. இதே மூன்று கேள்விகள். நாள் முழுக்க இதையே கேட்டால் பைத்தியம் பிடிக்காதா என்று கேட்டேன். "பூஜ்யத்த நிரூபிக்க வேற என்ன வழிண்ணா?" என்றாள்.

தகரப் பெட்டி மூடி அடிக்கும் ஒரு சின்னக் கடையைக் கூப்பிட்டபோதுதான் அது வந்தது. போனை எடுத்தவர் அந்தக் கடையின் மேஸ்திரி. இவள் மூன்றாவது கேள்வியைக் கேட்டாள். அவர், "ஏம்மா, உங்க முதலாளி உங்களுக்குச் சொல்லலையா?" என்றார்.

நேரில் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று கிளம்பினாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கடை ஒரு நீளமான கொட்டகை. உள்ளே போனதும் சத்தம் மார்பில் இடித்தது. எங்கள் திரை அங்கே நன்றாகத்தான் இருந்தது. கம்பங்கள் துடைத்து வைத்திருந்தன, பச்சை விளக்கு எரிந்தது. மேஸ்திரி ஒரு கட்டையை உள்ளே நீட்டிக் காட்டினார். சிவப்பு வந்தது, பிரஸ் நின்றது.

"இப்போ பிரேக் லைனிங் புதுசு. அன்னைக்குத் தேஞ்சு கிடந்தது. சிவப்பு வந்தப்புறமும் பிரஸ் கொஞ்சம் இறங்கித்தான் நிக்கும். உங்க ஆளுங்க திரைய மாட்டினப்போ அளந்த தூரம் புது பிரேக்குக்கு. அதுக்கப்புறம் யாரும் அளக்கல. நாங்களும் அளக்கல, நீங்களும் வரல" என்றார் மேஸ்திரி.

அந்தத் தூரம்தான் எல்லாமே. கதிரைத் தாண்டிய கை பாளம் அடிக்கும் இடத்துக்குப் போய்ச் சேருமுன் மிஷின் நின்றாக வேண்டும். அதற்குத் தகுந்த தூரத்தில் கம்பத்தை நிறுத்துவார்கள். பிரேக் தேய்ந்தால் மிஷின் நிற்க நேரமாகும், அதே தூரம் போதாமல் போய்விடும். இது எங்களுக்குத் தெரியாத விஷயமா? எங்கள் கையேட்டிலேயே நான் படம் வரைந்திருக்கிறேன், அவ்வப்போது அளந்து பார்க்கவும் என்று. வாங்கிய கடைக்காரன் யாராவது கையேடு படிப்பானா? அளக்கும் கருவிகூட எங்களிடம்தான் இருந்தது. பொருத்துகிற அன்றைக்கு அளப்போம், அதோடு சரி, பெட்டியில் போட்டு மூடிவிடுவோம்.

அடிபட்டவள் கொட்டகையின் பின்பக்கம் மூடிகளை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். வலது கையில் கட்டை விரலும் சுண்டு விரலும் இருந்தன. இடது கையால் எடுத்து வலது மணிக்கட்டால் ஒதுக்கி ஒதுக்கி அடுக்கினாள். கத்தரிக்கோல் அவள் எதிரில் ஓர் அட்டைப் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். எங்கிருந்து வருகிறோம் என்று சொன்னாள்.

"திரை மேல ஒரு தப்பும் இல்ல மேடம்" என்றாள் அந்தப் பெண், நாங்கள்தான் ஆறுதல் தேவைப்படுகிறவர்கள் என்பதுபோல. "திரை இருக்குன்னு தைரியமா கைய விட்டேன். முன்னாடியெல்லாம் பயந்து பயந்து எடுப்பேன். சிவப்பு வந்ததையும் பார்த்தேன். மிஷினும் நின்னுச்சு. என் கை மேல வந்து நின்னுச்சு."

பஸ்ஸில் திரும்பி வந்தோம். இறங்கும் இடத்தில் கத்தரிக்கோல், "அண்ணா, அவருக்கு இப்போ தெரியக்கூடாது. அப்புறம் நானே சொல்றேன், நீங்க சொல்லிடாதீங்க" என்றாள். வீட்டுக்காரரைத்தான் சொன்னாள்.

மறுநாள் கண்ணாடி அறைக்குள் போனாள். கதவு சாத்தியிருந்தாலும் அந்த அறையில் பேசுவது எல்லோருக்கும் கேட்கும்.

"தெரியும்மா" என்றார் முதலாளி. "ஆஸ்பத்திரிக்கே போய்ப் பார்த்தேன். அந்தப் பொண்ணு என்னைக் கும்பிடுது. எனக்குத் தூக்கமே இல்ல. ஆனா நம்ம திரை வேலை செஞ்சது. பிரேக் அவங்களோடது. அது நம்ம கணக்குல எப்படி வரும்?"

"சார், நாம எழுதியிருக்கிறது திரை கெடலங்கிறது இல்ல. நம்ம திரை போட்ட பிரஸ்ல கை போகலன்னு எழுதியிருக்கோம்."

"அப்போ திரை கெட்டது பூஜ்யம்னு மாத்து. அது உண்மைதானே?"

"உண்மைதான். ஆனா படிக்கிறவங்க அதைக் கைன்னுதான் படிப்பாங்க. நாமும் அப்படிப் படிக்கட்டும்னுதான் எழுதறோம்."

"வேற என்ன எழுதுவ?"

"ஒண்ணுன்னு எழுதறேன். பிரேக் தேஞ்சு ஒண்ணு. அதுக்கப்புறம் எல்லா இடத்துக்கும் போய் நிக்கிற நேரத்தை அளந்தோம்னு எழுதறேன். முதல்ல அளப்போம் சார். அளந்துட்டு எழுதுவோம்."

முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நானூறு இடங்களுக்கு ஆள் அனுப்ப எங்கே ஆள், அளந்து முடிப்பதற்குள் ஷட்டர் இறங்கிவிடுமே என்றார். யோசிப்போம் என்றார். அவள் வெளியே வந்து தன் மேசையில் உட்கார்ந்தாள். கம்ப்யூட்டர் திரையில் அந்த வரைவு திறந்தே இருந்தது. இரண்டு வரி வெள்ளையாக, ஒரு வரியும் தலைப்பும் மஞ்சளாக. அதை மூடிவிட்டுக் கடைகளுக்குப் போவதற்கு ஒரு பயணத் திட்டம் போட ஆரம்பித்தாள். யார் முதல், யாருடைய பிரஸ் பழசு என்று. அவள் இன்னும் நம்பிக்கொண்டிருந்தாள்.

வரைவு இருந்தது எல்லோருக்கும் பொதுவான மெயில் பெட்டியில். அடுத்த வாரம் அவள் ஒரு நாள் லீவு. அன்றைக்கு முதலாளி அதைத் திறந்து, மஞ்சளை எடுத்துவிட்டு, ஓர் எழுத்தும் மாற்றாமல், கீழே அவள் பெயரோடு அனுப்பிவிட்டார். என்னிடம்கூடச் சொல்லவில்லை.

பதில் மறுநாளே வந்தது. முன்பின் தெரியாதவருக்கு எழுதினால் மறுநாளே பதில் வருவது எவ்வளவு அபூர்வம் என்று அந்த வேலை செய்கிறவர்களைத்தான் கேட்க வேண்டும். கத்தரிக்கோல் அதைப் படித்தபோது பக்கத்தில் நான் இருந்தேன். முதலில் அவளுக்குப் புரியவே இல்லை. தான் அனுப்பாத மெயிலுக்குப் பதில் எப்படி வரும்? பிறகு கீழே இறக்கிப் பார்த்தாள். தன் வரிகள், தன் பெயர், மஞ்சள் இல்லை.

அந்த அம்மா எழுதியிருந்தார்: வழக்கமாக இப்படி வரும் மெயில்களை நான் படிப்பதில்லை. பூஜ்யம் என்பதைப் பார்த்துத்தான் படித்தேன். அடுத்த மாதம் உங்கள் ஊர்ப் பக்கம் வருகிறேன். உங்கள் சோதனைப் பொறுப்பாளரைச் சந்தித்து, அந்தப் பூஜ்யத்தை எப்படிக் காக்கிறீர்கள் என்று அவர் வாயாலேயே கேட்க விரும்புகிறேன்.

முதலாளி சந்தோஷத்தில் கீழே இறங்கிப் போய் எல்லோருக்கும் டீ சொன்னார். பொருத்தும் மேசைகளில் சிரிப்புச் சத்தம் கேட்டது. சோதனைக்காரர் தோளில் கை போட்டு, "நீங்கதான் பேசணும். உங்கள நம்பித்தான் வர்றாங்க" என்றார். அந்த மனிதர் வெட்கப்பட்டுச் சிரித்தார். மாடிப்படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தவளை நான் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டேன். எனக்கு முதலாளியின் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. அதே சமயம், அப்பாடா பிழைத்தோம் என்று ஒரு நிம்மதியும் இருந்தது. இரண்டும் ஒரே மனசில்தான் இருந்தன.

அன்று சாப்பாட்டு நேரத்தில் சோதனை அறைக்குப் போனாள். நானும் போனேன், அவள்தான் வரச் சொன்னாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே விஷயத்தைச் சொன்னாள். முடிந்ததும் அவர், "எந்தத் திரை?" என்று கேட்டார். எண்ணைச் சொன்னாள்.

"நான் குச்சி இறக்கிப் பார்த்ததுதான்" என்றார். "திரை வேலை செஞ்சுதா?"

"செஞ்சுது. சிவப்பு வந்துது. பிரஸ்தான் உடனே நிக்கல."

அவர் கறுப்புக் குச்சியை மேசைமேல் உருட்டிக்கொண்டே இருந்தார். "எத்தனை விரல்?" என்றார் கடைசியில்.

"மூணு. வலது கை."

"இத்தனை நாளா பூஜ்யம்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேனே. உன் தம்பி கல்யாணத்துலகூடச் சொன்னேன்" என்றார்.

"அந்த அம்மாவுக்கு நான் எழுதலாம்னு பார்க்கறேன். என் பேர்ல போனது. தப்புன்னு எழுதணும். ஆனா எழுதினா என்ன ஆகும்னு தெரியும்ல? உங்களுக்கு வேற இடம் கிடைக்காதுங்க" என்றாள் அவள்.

வேண்டாம் என்று சொல்லிவிடப்பா என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டதை மறைக்க விரும்பவில்லை. எனக்கும் குடும்பம் இருக்கிறது. அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார், குச்சியைப் பார்த்தார்.

"அவங்க முன்னாடி நின்னு பூஜ்யம்னு சொல்ல எனக்கு வாய் வராது. அனுப்பிடு" என்றார்.

அவள் அனுப்பினாள். இந்த மெயிலும் சின்னதுதான். நான் முன்பு எழுதிய தகவல் தவறு. பூஜ்யம் இல்லை, ஒன்று. ஒன்றரை வருஷத்துக்கு முன் ஒரு பெண்ணுக்கு மூன்று விரல்கள் போயிருக்கின்றன. திரை வேலை செய்தது, பிரேக் தேய்ந்திருந்தது, தூரம் போதவில்லை. சரிபார்க்காமல் என் பெயரில் மெயில் போனதற்கு வருந்துகிறேன். முதலாளிதான் அனுப்பினார் என்று எழுதவில்லை. ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று கத்தினேன். "அது அவங்களுக்கு வேண்டிய தகவல் இல்லண்ணா" என்றாள். அங்கேயும் வெட்டியிருக்கிறாள்.

முதலாளிக்குத் தெரிந்ததும் கண்ணாடி அறையில் எதுவும் உடையவில்லை, யாரும் கத்தவில்லை. "எல்லார் வாயிலயும் மண்ணப் போட்டுட்டியேம்மா" என்று மட்டும் சொன்னார். கீழே இருந்தவர்களுக்கு அது பரவியது. அதற்குப் பிறகு யாரும் அவளோடு பேசவில்லை. அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். பொருத்தும் மேசையில் இருந்த ஒரு பெரியவர் அவள் காது கேட்கவே, "நல்லவங்களா இருக்கிறதுக்கும் வசதி வேணும்" என்றார்.

அந்த அம்மாவின் பதில் வந்தபோது எல்லோரும் அவள் மேசையைச் சுற்றி நின்றோம். எனக்கும் ஆசை விடவில்லை. நேர்மையைப் பாராட்டி வா என்று கூப்பிடுவார்கள், சினிமாவில் வருமே அதுபோல என்று. அவர் நன்றி சொல்லியிருந்தார். நன்றாகவே, மனதாரச் சொல்லியிருந்தார். பிறகு எழுதியிருந்தார்: ஒன்று என்பது எங்களுக்குத் தடை இல்லை. இந்தத் தொழிலில் பூஜ்யம் என்று யாராவது சொன்னால் எனக்கு எப்போதும் சந்தேகம்தான், அதனால்தான் நேரில் வர நினைத்தேன். ஆனால் விபத்து நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது என்கிறீர்கள். அதற்குப் பிறகு மற்றப் பிரஸ்களில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று உங்கள் மெயிலில் ஒரு வரிகூட இல்லை. அந்த வரி இல்லாமல் என்னால் மேலே போக முடியாது.

செய்யவில்லை, அதனால் எழுதவில்லை. ஒன்றரை வருஷத்துக்கு முன் நாலு பேர் அளக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருந்தால் அந்த மெயிலில் அதுதான் எங்களுடைய மிக வலுவான தகவலாக இருந்திருக்கும். முதலாளி அதைப் படித்துவிட்டு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். கத்தரிக்கோல் முன்பு போட்டு வைத்த பயணத் திட்டத்தை எடுத்துக்கொண்டு, பட்டியலில் இருந்த கடைகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டாள். உங்கள் பிரேக்கைப் பாருங்கள், கம்பத்தைத் தள்ளி வையுங்கள் என்று சொன்னாள். சம்பளம் நின்ற பிறகும் ஷட்டர் இறங்கும் நாள்வரை அதைச் செய்தாள். பாதிப் பேர் போனை வைத்துவிட்டார்கள்.

எனக்கு ஓர் அச்சகத்தில் வேலை கிடைத்தது. அவளுக்கு வீட்டிலிருந்தே யார் யாருக்கோ மெயில் எழுதித் தரும் வேலை. சோதனைக்காரருக்குத்தான் எங்கும் கிடைக்கவில்லை. வயதைக் கேட்டார்கள், பழைய கம்பெனியின் பெயரைக் கேட்டார்கள், அத்தோடு சரி. கடைசியில் பூட்டுத் தகடு அடிக்கும் ஒரு கடையில் பிரஸ் ஓட்டப் போனார். மிகப் பழைய வகைப் பிரஸ். பெடலை மிதித்துவிட்டால் ஒரு முழு அடி அடித்துவிட்டுத்தான் ஓயும், நடுவில் நிறுத்த வழி கிடையாது. அதனால் அதற்கு ஒளித்திரை போட்டும் பிரயோஜனம் இல்லை. தகட்டைக் கையால்தான் உள்ளே வைக்க வேண்டும். இதெல்லாம் அவரைவிட நன்றாகத் தெரிந்த ஆள் அந்தக் கடையில் இருந்திருக்க முடியாது.

அவள்மேல் எனக்குக் கோபம் இருந்தது, இன்னும் இருக்கிறது. அவள் செய்தது சரி என்பதும் தெரியும். போன மாதம் ஒரு சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு படுக்கையறை, ஒரு ஹால், ஜன்னலோரம் அவளுடைய கம்ப்யூட்டர். திரையில் யாருக்கோ எழுதிய வரைவு, அங்கங்கே மஞ்சள். டீ போட்டுக் கொடுத்தாள்.

"அன்னைக்கு அனுப்பாம இருந்திருக்கலாமோன்னு தோணுதா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் கேட்டுவிட்டேன்.

"தினமும் தோணுதுண்ணா" என்றாள். "காலைல அவர் கிளம்பிப் போனதும் தோண ஆரம்பிக்கும். அவர் திரும்பி வர்ற வரைக்கும்..."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பேச்சை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். அவர் வாசலிலேயே நின்று, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் விரித்து அவள் முன்னால் நீட்டினார். அவள் பார்த்து முடிக்கும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்தார்.